பிள்ளை வளர்ப்பு இடைவெளிக்கு மூன்று வாக்கியம்

“சிங்கப்பூரில் 2019-இல் கணக்கர் வேலையை விட்டேன், மகனைப் பார்த்துக்கொள்ள. இப்போது அவன் தொடக்கநிலை ஒன்று. விண்ணப்ப மின்னஞ்சலில் இதை மூன்று பத்தி விளக்கியும் கெஞ்சுவதுபோலவே இருக்கிறது.”

பத்திகளை வெட்டுங்கள், கெஞ்சல் தானாகப் போய்விடும். இடைவெளியை முதலில் எழுதவும் வேண்டாம். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், முன்பு என்ன செய்தீர்கள் (மாதக் கணக்கு முடிப்பு, ஜிஎஸ்டி தாக்கல், மத்திய சேமநிதி) என்பது முன்னால் வரட்டும். அப்புறம் இவ்வளவு போதும், ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

“2019 முதல் மகனை வளர்ப்பதற்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன். அவன் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டதால் முழுநேர வேலைக்குத் தயார். ஜிஎஸ்டி 9 விழுக்காடானதை ஒட்டிய மாற்றங்களைப் படித்து, கணக்கு மென்பொருள் பயிற்சியும் முடித்துள்ளேன்.”

மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். பிள்ளை இருப்பதைவிட, உங்களுக்குத் தெரிந்தது பழசாகிவிட்டதோ என்பதுதான் முதலாளியின் சந்தேகம். நீங்கள் விட்டபோது ஜிஎஸ்டி 7 விழுக்காடு. 2023-இல் 8, 2024-இல் 9. அந்த மாற்றம் தெரியும் என்று ஒரே வரியில் காட்டிவிடலாம். பயிற்சி முடிக்கவில்லை என்றால் அதை எழுதாதீர்கள், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதான். குடியுரிமை இருந்தால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் ஒரு குறுகிய வகுப்பு எடுக்கலாம். படித்துக்கொண்டிருந்தால் ‘படித்து வருகிறேன்’ என்றே போடுங்கள்.

‘துரதிர்ஷ்டவசமாக’, ‘இடைவெளி இருந்தாலும்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். மாமியார் உதவி, பணிப்பெண் ஏற்பாடு எல்லாம் அவர்கள் கேட்காத கதை. தன்விவரக் குறிப்பிலும் அதே ஆண்டுகள் இருக்கிறதா, ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.