அட்டவணையில் இல்லாத 256: LZW-இல் விரிக்கும்போது வரும் சிக்கல்

கேள்வி: பட செயலாக்கம் தாளுக்காக LZW சுருக்க முறையைப் போட்டுப் பார்க்கிறேன். பிக்சல்கள் 60 60 60 60 200 200 60 60 60 200 200 60. சுருக்கினால் 60 256 60 200 200 257 259 60 என்று வருகிறது. விரிக்கும்போது இரண்டாவது எண்ணிலேயே நின்றுவிடுகிறேன். என் அட்டவணை 255 வரைதான் இருக்கிறது, 256 இன்னும் உருவாகவே இல்லை. சுருக்கியதில் தப்பா, விரிப்பதில் தப்பா?

பதில்: சுருக்கியது சரி. விரிக்கும் முறையில் ஒரு விதி விடுபட்டிருக்கிறது. அது ஏன் தேவைப்படுகிறது என்று புரிய, சுருக்கும் பக்கத்தை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

8 பிட் படம் என்பதால் 0 முதல் 255 வரை ஒவ்வொரு சாம்பல் மதிப்புக்கும் அட்டவணையில் ஏற்கெனவே இடம் உண்டு. புதிய தொடர்கள் 256-இலிருந்து சேரும். கையில் ஒரு தொடரை வைத்துக்கொண்டு அடுத்த பிக்சலைப் பாருங்கள். இரண்டையும் ஒட்டினால் வரும் தொடர் அட்டவணையில் இருந்தால், அதையே கையில் வைத்துக்கொண்டு மேலே போகலாம். இல்லையென்றால் கையில் இருந்ததன் எண்ணை வெளியே எழுதி, ஒட்டிய தொடரை அட்டவணையில் சேர்த்து, புதிதாக வந்த அந்த ஒற்றைப் பிக்சலை மட்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

| கையில் | அடுத்தது | வெளியே | புதிய பதிவு |
|---|---|---|---|
| 60 | 60 | 60 | 256 = 60-60 |
| 60 | 60 | | |
| 60-60 | 60 | 256 | 257 = 60-60-60 |
| 60 | 200 | 60 | 258 = 60-200 |
| 200 | 200 | 200 | 259 = 200-200 |
| 200 | 60 | 200 | 260 = 200-60 |
| 60 | 60 | | |
| 60-60 | 60 | | |
| 60-60-60 | 200 | 257 | 261 = 60-60-60-200 |
| 200 | 200 | | |
| 200-200 | 60 | 259 | 262 = 200-200-60 |
| 60 | முடிந்தது | 60 | |

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். பிக்சல் தீர்ந்த பிறகும் கையில் ஒரு தொடர் மிச்சம் இருக்கும். அதையும் எழுதினால்தான் கணக்கு முடியும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: வெளியே வந்த எண்களைவிட புதிய பதிவுகள் சரியாக ஒன்று குறைவாக இருக்க வேண்டும். இங்கே 8 எண்கள், 256 முதல் 262 வரை 7 பதிவுகள். சரியாக இருக்கிறது.

இப்போது மேலே மூன்றாவது வரியைப் பாருங்கள். 256 என்ற பதிவு முதல் வரியில்தான் பிறந்தது. அடுத்து வெளியே போன எண்ணே அதுதான். இடையில் வேறு எந்த எண்ணும் போகவில்லை. உங்கள் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

விரிப்பவருக்கு அட்டவணையை யாரும் அனுப்புவதில்லை, வரும் எண்களை வைத்து அவரே கட்டிக்கொள்கிறார். ஒரு புதிய பதிவு என்பது முந்தைய எண்ணின் தொடரும், அடுத்த எண்ணின் தொடரில் முதல் பிக்சலும் சேர்ந்தது. அந்த அடுத்த எண் வந்து விரிந்தால்தான் அவருக்கு அந்தப் பிக்சல் தெரியும். அதனால் அவர் அட்டவணை எப்போதும் ஒரு பதிவு பின்தங்கியே ஓடும். சுருக்குபவர் இப்போதுதான் செய்த பதிவை உடனே பயன்படுத்திவிட்டால் விரிப்பவர் கையில் அது இருக்காது.

ஆனால் அது என்னவாக இருக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். வராத அந்தப் பதிவு முந்தைய தொடரில்தான் தொடங்குகிறது. இப்போது விரிக்க வேண்டியதும் அதே பதிவுதான் என்பதால், இதன் முதல் பிக்சல் முந்தைய தொடரின் முதல் பிக்சலாகத்தான் இருக்க முடியும். ஆக விதி இதுதான்: முந்தைய தொடரை எழுதி, அதன் பின்னால் அதன் முதல் பிக்சலையே ஒட்டுங்கள். உங்கள் கணக்கில் முந்தையது 60. ஆகவே 256 என்பது 60-60. இதில் ஊகம் எதுவும் இல்லை, வேறு விடைக்கு வழியே கிடையாது.

அதற்குப் பிறகு வண்டி தடையில்லாமல் ஓடும். அடுத்து 60 வரும்போது முந்தைய 60-60-உடன் ஒட்டி 257 = 60-60-60 ஆகும். 200 வந்ததும் 258, இன்னொரு 200 வந்ததும் 259 = 200-200. அடுத்து வரும் 257 ஏற்கெனவே அட்டவணையில் இருப்பதால் மூன்று 60, 259-க்கு இரண்டு 200, கடைசியாக ஒரு 60. விரிந்த பிக்சல்களை எண்ணினால் 1+2+1+1+1+3+2+1, மொத்தம் 12.

நிரலில் எழுதுவதானால், `D` என்பது தொடர்களைப் பட்டியல்களாக வைத்திருக்கும் அட்டவணை, `nxt` என்பது அடுத்த புதிய பதிவின் எண், அது 256-இல் தொடங்கும். முதல் எண்ணைத் தனியாக விரித்து `out`-இல் எழுதி, `prev`-இல் தனிப் பட்டியலாக வைத்த பிறகு, அடுத்து வரும் ஒவ்வோர் எண் `k`-வுக்கும்:

```python
if k in D:
    e = D[k]
elif k == nxt:
    e = prev + prev[:1]
else:
    raise ValueError(k)
out += e
D[nxt] = prev + e[:1]
nxt += 1
prev = e
```

`else` பகுதியை நீக்கிவிடாதீர்கள். அட்டவணையில் இல்லாத எண் `nxt`-ஆக இருக்கும் வரை நியாயமானது. அதைத் தாண்டிய எண் வந்தால் கோப்பு கெட்டிருக்கிறது, அல்லது பிட்களை நீங்கள் தப்பாகப் பிரித்திருக்கிறீர்கள்.

இந்த நிலை எப்போதாவது வரும் அபூர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். படங்களில் ஒரே நிறம் நீளமாக ஓடும் இடத்திலெல்லாம் இது வரும். பத்து பிக்சலும் 60 என்று வைத்துச் சுருக்கிப் பாருங்கள். 60 256 257 258 என்று நான்கே எண்கள் வரும், முதல் எண்ணைத் தவிர மூன்றுமே இந்த விதியால்தான் விரியும். எழுத்துக் கோப்பில் சோதித்துச் சரியென்று விட்ட நிரல், வெள்ளைப் பின்னணி கொண்ட படத்தில் முதல் வரியிலேயே விழுவதற்கு இதுதான் காரணம்.

அளவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தேர்வில் கேட்பார்கள். 262 வரை எண்கள் போவதால் ஒவ்வொன்றுக்கும் 9 பிட் வேண்டும். 8 எண்களுக்கு 72 பிட். மூலத்தில் 12 பிக்சலுக்கு 96 பிட். 96-ஐ 72-ஆல் வகுத்தால் சுருக்க விகிதம் சுமார் 1.33. இதே 12 பிக்சலும் வெவ்வேறாக இருந்திருந்தால் 12 எண்கள், 108 பிட் ஆகி, சுருக்கியது மூலத்தைவிடப் பெரிதாகியிருக்கும். இன்னொன்று: உங்கள் படத்தில் இரண்டே மதிப்புகள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 1 பிட் கொடுத்து, அந்த இரண்டு மதிப்புகளையும் தனியே எழுதிவைத்தால் 12+16, அதாவது 28 பிட்டில் வேலை முடிந்துவிடும். இவ்வளவு சின்னத் தொடரில் LZW-க்குச் சூடுபிடிக்கவே நேரம் போதாது. அது பெரிய படத்துக்கான கருவி.

அப்புறம், உங்கள் விடையை உண்மையான GIF கோப்போடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். 8 பிட் GIF-இல் 256 அட்டவணையை அழிக்கச் சொல்லும் எண், 257 முடிவைக் குறிக்கும் எண். தொடர்கள் 258-இலிருந்துதான் தொடங்கும். எண்களின் அகலமும் 9 பிட்டில் தொடங்கி 12 பிட் வரை வளரும், அட்டவணை 4096 பதிவுகளைத் தாண்டாது. தாளில் 256-இலிருந்து தொடங்கச் சொன்னால் அப்படியே எழுதுங்கள்.