சிடிசி 7,20,000 என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினார்கள். சிடிசி 7,20,000. ஸ்பெஷல் அலவன்ஸ் வரியில் மடிப்பு விழுந்து எண் மங்கலாக இருக்கிறது. போனில் காப்பி செய்தால் 1,30,000 என்று வருகிறது. மாதம் 60,000 கைக்கு வருமா? பிஎஃப் கம்பெனி கட்டுவதாகப் போட்டிருக்கிறார்களே, என் சம்பளத்திலும் பிடிப்பார்களா?

பதில்: 60,000 வராது, 47,000 வரும். சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, அது முழுதும் கைக்கு வராது. பிஎஃப் உங்கள் சம்பளத்திலும் பிடிப்பார்கள்.

முதலில் அந்த மங்கலான எண்ணைப் பார்ப்போம். போனில் காப்பி செய்ததை நம்பாமல், போட்டோவைப் பெரிதாக்கி வரி வரியாக நீங்களே எழுதுங்கள். அட்டவணையைக் காப்பி செய்யும்போது பெயர் ஒரு பக்கமும் தொகை ஒரு பக்கமுமாகப் பிரிந்து, ஒன்றின் தொகை இன்னொன்றின் எதிரே போய் நிற்பது சகஜம். நீங்கள் அனுப்பிய படத்தில் தெளிவாக இருப்பவை இவை: பேசிக் 3,00,000, ஹெச்ஆர்ஏ 1,20,000, எம்ப்ளாயர் பிஎஃப் 36,000, கிராஜுட்டி 14,430, மெடிக்கல் இன்சூரன்ஸ் 9,570, வேரியபிள் பே 60,000. கூட்டினால் 5,40,000. ஆக ஸ்பெஷல் அலவன்ஸ் 1,80,000 ஆகத்தான் இருக்க வேண்டும். 1,30,000 என்று வைத்தால் மொத்தத்தில் சரியாக 50,000 குறைகிறது. மடிப்பில் 8, 3 ஆகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மற்ற எண்களையும் இப்படிச் சோதிக்கலாம். பிஎஃப் பேசிக்கில் 12%, அதாவது 36,000. கிராஜுட்டி 4.81%, அதாவது 14,430. இரண்டும் ஒத்துப்போவதால் பேசிக்கைச் சரியாகப் படித்திருக்கிறோம் என்பது உறுதி. சில கம்பெனிகள் பிஎஃப் நிர்வாகக் கட்டணத்தையும் சிடிசியில் ஏற்றுவார்கள். அப்போது அந்தத் தொகை 12 சதவீதத்தைத் தாண்டும். உங்கள் லெட்டரில் அது இல்லை.

இனி இந்த ஏழு வரிகளை மூன்றாகப் பிரியுங்கள். பேசிக், ஹெச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் மூன்றும் சேர்ந்து 6,00,000. இதுதான் உங்கள் மாதச் சம்பளம்: கிராஸ் 50,000. எம்ப்ளாயர் பிஎஃப், கிராஜுட்டி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்து 60,000. இது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் செலவு, சம்பள ஸ்லிப்பில் கைக்கு வரும் பணமாக வராது. வேரியபிள் 60,000 தனி. அதை மாத பட்ஜெட்டில் சேர்க்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறையா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா, வருடத்தின் நடுவில் விலகினால் கிடைக்குமா என்பதை மட்டும் கேட்டு வையுங்கள்.

கிராஸ் 50,000-ல் உங்கள் பங்கு பிஎஃப் 3,000 பிடிப்பார்கள். சிடிசியில் இருக்கும் 36,000 கம்பெனியின் பங்கு. உங்களுடையது இன்னொரு 36,000. இரண்டும் உங்கள் பெயரிலேயே சேரும் என்பதால் இதில் நஷ்டம் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வராது. வருமான வரி பிடித்தம் இருக்காது: வேரியபிளும் முழுதாக வந்தால் 6,60,000, அதில் நிலையான கழிவு 75,000 போக 5,85,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். தொழில் வரி மட்டும் அரையாண்டுக்கு 1,250. அதை ஒரே மாதத்தில் பிடித்தால் அந்த மாதம் 45,750 தான் வரும். பயப்பட வேண்டாம்.

கிராஜுட்டி 14,430-ஐ ஒவ்வொரு வருடமும் சம்பாதித்த பணமாக எண்ணாதீர்கள். நிரந்தரப் பணியில் 5 வருடம் முடிக்காமல் விலகினால் பொதுவாக அது கிடைக்காது. இன்சூரன்ஸ் 9,570 என்பது பிரீமியம். கவரேஜ் எத்தனை லட்சம், பெற்றோர் சேர்வார்களா என்பது லெட்டரில் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்க வேண்டும்.

சேரும் முன் ஹெச்ஆரிடம் இன்னொன்றும் கேளுங்கள். பிஎஃப்பை முழு பேசிக்குக்கா, 15,000 வரம்புக்கா பிடிக்கிறார்கள், தேர்வு உங்களுடையதா? வரம்புக்கு என்றால் இரு தரப்பும் மாதம் 1,800 தான். கம்பெனி பக்கம் மிச்சமாகும் 1,200-ஐ ஸ்பெஷல் அலவன்ஸில் சேர்த்தால் கிராஸ் 51,200, கைக்கு 49,400. சேர்க்காவிட்டால் 48,200 தான் வரும், உங்கள் சிடிசியில் வருடம் 14,400 சத்தமில்லாமல் குறைந்திருக்கும். எனவே திருத்திய அட்டவணையை வாங்கி, மொத்தம் இன்னும் 7,20,000 தானா என்று கூட்டிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.