டேம்பர் இருக்கும்போது உச்சியை நம்பலாமா? (கேள்வி பதில்)

சார், 2 கிலோ மாஸ் ஸ்பிரிங்கில் தொங்குது, கூடவே ஒரு டேம்பர். ஸ்பிரிங்குக்கு k = 200 N/m, டேம்பருக்கு c = 16 N·s/m. டிரான்ஸ்பர் பங்ஷன்ல mg-ஐ எங்கே சேர்க்கணும்?

சேர்க்கவே வேண்டாம், தம்பி. தொங்கவிட்டதுமே ஸ்பிரிங் சுமார் 10 செ.மீ. நீண்டு எடையைத் தாங்கிக்கொண்டது. அது அசையாமல் நிற்கும் இடத்திலிருந்து x-ஐ அளந்தால் இரண்டும் கழிந்துவிடும். தொடக்க இடப்பெயர்ச்சியும் வேகமும் பூஜ்ஜியம் என்று வைத்து லாப்லாஸ் எடு:

```
X/F = 1/(2s² + 16s + 200)
    = 0.5/(s² + 8s + 100)
```

இரண்டாவது வரிதான் முக்கியம். s²-க்கு முன்னால் 1 வரும்படி வகுத்த பிறகே கடைசி எண்ணைத் தொடு. 100-ன் வர்க்கமூலம் 10, அதுதான் நேச்சுரல் ஃப்ரீக்வென்சி ωn, அதாவது நொடிக்கு 10 ரேடியன். வகுக்காமல் 200-க்கு மூலம் எடுத்து 14 என்று எழுதிய விடைத்தாள்களை ஒவ்வொரு வருஷமும் திருத்துகிறேன். நடுவிலுள்ள 8 என்பது 2ζωn, ஆகவே டேம்பிங் விகிதம் ζ = 0.4.

போடே பிளாட்ல உச்சி எங்கேயோ அதுதானே நேச்சுரல் ஃப்ரீக்வென்சி? எதுக்கு இவ்வளவு கணக்கு?

டேம்பிங் குறைவாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ζ = 0.05 என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 0.4-ல் உச்சி 8.25-க்கு இறங்கிவிடும். ζ 0.71-ஐத் தாண்டினால் உச்சியே இருக்காது. அதனால் உச்சியை விட்டுவிட்டு பேஸைப் பாருங்கள். s = j10 போட்டால் 200-ம் 2×100-ம் அடிபட்டு j160 மட்டும் மிஞ்சும். c எதுவானாலும் அங்கே பேஸ் சரியாக −90°.

நான் இதே அளவில் லேபில் செய்தேன். உச்சி 12-ல் வந்தது. உங்க 8.25 தப்பு.

அக்சிலரோமீட்டர் ஒட்டினீர்களா? நான் சொன்னது இடப்பெயர்ச்சிக்கு. அக்சிலரேஷனுக்கு ω² பெருக்கலாகி உச்சி வலப்புறம் நகர்ந்து 12.1-ல் நிற்கும். வேகத்தை வரைந்தால் மட்டுமே மிகச்சரியாக 10.

அக்சிலரோமீட்டர்தான். ஆனா ஃபோர்ஸ் கொடுக்கல, மேஜையையே ஆட்டினேன்.

அப்படியானால் 12.1 உங்களுக்குப் பொருந்தாது. உள்ளீடு மேஜையின் அசைவு என்பதால் பின்னத்தின் மேல்பகுதியில் 16s + 200 வந்துவிடும். மாஸின் அக்சிலரேஷனை மேஜையின் அக்சிலரேஷனால் வகுத்திருந்தால் உச்சி 8.9 பக்கம் இருக்க வேண்டும். 12 எப்படி வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மேஜையிலும் ஒரு சென்சார் ஒட்டி, வகுத்த பிளாட்டைக் காட்டுங்கள்.

10 ஹெர்ட்ஸ்னு எழுதலாமா?

கூடாது. 2π-ஆல் வகுங்கள்: 1.59 ஹெர்ட்ஸ். அலகு போடாமல் 10 என்று மட்டும் எழுதினாலும் மார்க் போகும்.

c-ஐ ரெண்டு மடங்காக்கினா நேச்சுரல் ஃப்ரீக்வென்சி மாறுமா?

பேஸ் பற்றிய பதிலைப் படியுங்கள். மாறாது.

இதுக்கு PID எப்படி ட்யூன் பண்றது?

அது வேறு பாடம். இங்கே வேண்டாம்.

சார், மேஜை டேட்டா எடுக்கவே இல்லை. மாஸ் அக்சிலரேஷன் மட்டும்தான் வரைஞ்சேன்.

அப்போது அந்த உச்சி ஸ்பிரிங்குடையதா, மேஜையை ஆட்டும் மோட்டாருடையதா என்றே பிரிக்க முடியாது. மாஸை மேஜையோடு இறுகக் கட்டிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் 12-ல் மேடு இருந்தால் அது மேஜையுடையது.