சராசரி 1,490, ஆனால் அந்தத் தொகைக்கு வாங்குபவர் யாருமில்லை

"எங்கள் சராசரி ஆர்டர் மதிப்பு 1,490. அதை வைத்து இலவச டெலிவரி வரம்பை 1,800 ஆக்கினோம். கிட்டத்தட்ட யாருமே தொடவில்லை. ஏன்?"

ஒன்றிரண்டு மொத்தக் கொள்முதல்கள் கணக்கைத் தூக்கிவிட்டிருக்கும். 100 ஆர்டரில் 98 தலா 500, மீதி 2 தலா 50,000 என்று வையுங்கள். கூட்டினால் 1,49,000, நூறால் வகுத்தால் அதே 1,490. அந்தத் தொகைக்கு ஒருவர்கூட வாங்கவில்லை!

ரத்தான ஆர்டர்களை நீக்கிவிட்டு, விரிதாளில் தொகை உள்ள பத்திக்கு இடைநிலை அளவு, அதாவது தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது எது என்று பாருங்கள்:

```
=MEDIAN(B2:B101)
```

மேலே சொன்ன கணக்கில் 500 வரும். வரம்பை அதற்குச் சற்று மேலே, 600 அல்லது 650 என வைத்தால் இன்னொரு பொருள் சேர்க்கத் தோன்றும்.

வருவாயைக் கணிக்க மட்டும் இடைநிலை உதவாது. 100 × 500 என்றால் 50,000தான்; வந்ததோ 1,49,000. அங்கே சராசரிதான் வேண்டும், அதுவும் மொத்தக் கொள்முதலைத் தனியாகப் பிரித்து.