யாருக்குள் சமம்?

கேள்வி: எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசிய ஒருவர், "நாட்டிலேயே வருமான ஏற்றத்தாழ்வு குறைந்த இடம் தோட்டங்கள்தான், கினிக் குணகத்தைப் பாருங்கள், அப்புறம் என்ன குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது உண்மையா?
– வாசகர் ஒருவர், நோர்வூட்

பதில்: அவர் சொன்ன எண் உண்மை. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் கினி குறைவாக வருவது தோட்டத்தில்தான். அதை வைத்துக்கொண்டு உங்கள் வாயை அடைத்தது தவறு. அந்த எண்ணை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், தவறு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஒரு லயத்தில் ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் காம்பராவில் ஒருவர் மட்டும் கொழுந்து எடுக்கிறார், அவருக்கும் மாதத்தில் பாதி நாள்தான் பேர் விழுகிறது. கடைசிக் காம்பராவில் இரண்டு பேர் மலைக்குப் போகிறார்கள், கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் பணம் அனுப்புகிறான். மாத வருமானம் 20, 30, 40, 50, 60 ஆயிரம். மொத்தம் இரண்டு இலட்சம்.

இப்போது ஒரு கணக்குக் கொப்பியில் பக்கத்துக்குப் பத்துக் கட்டம் வரும்படி ஒரு சதுரம் போடுங்கள். உள்ளே நூறு சிறு கட்டங்கள் இருக்கும். அடிக்கோட்டில் குடும்பங்களை ஏழையிலிருந்து தொடங்கி வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், பக்கக்கோட்டில் அதுவரை சேர்ந்த வருமானப் பங்கைக் குறிக்க வேண்டும். முதல் குடும்பம், அதாவது 20 வீதக் குடும்பங்கள், பெறுவது 10 வீத வருமானம். இரண்டாவதையும் சேர்த்தால் 40 வீதத்துக்கு 25. அப்புறம் 60 வீதத்துக்கு 45, 80 வீதத்துக்கு 70, கடைசியில் நூற்றுக்கு நூறு. புள்ளிகளை இணைத்தால் கிடைப்பதுதான் லோரன்ஸ் வளையி. மாக்ஸ் லோரன்ஸ் என்ற அமெரிக்கர் 1905இல் கொடுத்த வழி இது. ஐந்து வீட்டுக்கும் ஒரே வருமானம் என்றால் வளையி மூலைக்கு மூலை நேர்கோடாகப் போயிருக்கும். இங்கே அது கொஞ்சம் கீழே தொய்கிறது.

அந்தத் தொய்வை ஒரே எண்ணாக்கியவர் இத்தாலியரான கொராடோ கினி. நேர்கோட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோணத்தின் பரப்பு 50 கட்டம். நம் வளையிக்குக் கீழே இருப்பதை எண்ணினால் 40 கட்டம் வரும். இடையில் தொய்ந்தது 10. பத்தை ஐம்பதால் வகுத்தால் 0.20. எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, எல்லா வருமானமும் ஒரே வீட்டுக்குப் போனால் ஏறத்தாழ 1.

இனி அடுத்த ஊருக்குப் போவோம். நுவரெலியா டவுனில் ஐந்து வீடுகள், வருமானம் 60, 90, 120, 150, 180 ஆயிரம். ஒவ்வொரு வீடும் லயத்தில் அதே இடத்தில் நிற்கும் வீட்டைப் போல மூன்று மடங்கு. இவர்களுக்கும் வளையி வரைந்து பாருங்கள், ஒரு புள்ளிகூட நகராது. பங்குகள் அதே பங்குகள்தான், கினியும் அதே 0.20தான். மாதம் இருபதாயிரத்தில் அடுப்பெரிக்கும் வீடும் அறுபதாயிரத்தில் நடத்தும் வீடும் இந்த எண்ணுக்கு ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டுமே அது கேட்கிறது, வயிறு நிறைந்ததா என்று கேட்பதில்லை. தோட்டத்தில் எல்லாருடைய வருமானமும் நாளை பாதியாகப் போனாலும் கினி அசையாது.

அடுத்தபடிதான் உங்கள் பேச்சாளர் விட்டது. லயத்து ஐந்தையும் டவுன் ஐந்தையும் ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டால் கினி 0.35. தனித்தனியே 0.20 ஆக இருந்த இரண்டு கூட்டம் சேர்ந்ததும் ஏற்றத்தாழ்வு ஏறிவிட்டது. ஏறிய பங்கு எங்கிருந்து வந்தது? லயத்துக்குள்ளிருந்தும் இல்லை, டவுனுக்குள்ளிருந்தும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்து வந்தது. தோட்டத்துக்கு மட்டும் தனியாகக் கினி போட்டால் இந்த நடுப்பள்ளம் கணக்கிலேயே வராது. நீங்கள் காலங்காலமாகக் குறை சொல்லி வருவது அந்தப் பள்ளத்தைப் பற்றித்தானே?

யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் தோட்டத்துறை என்றால் 20 ஏக்கருக்குக் குறையாத, குறைந்தது 10 தொழிலாளர்களாவது வதியும் தோட்ட நிலம். அங்கே குடியிருப்பவர்தான் தோட்டத்துறை. ஆசிரியர் நியமனம் கிடைத்து ஹட்டன் டவுனில் வீடு வாங்கிப் போன பிள்ளை அன்றிலிருந்து நகர்ப்புறக் கணக்கில் போய்விடுகிறார். தேயிலை இலாபத்தில் பங்கு வாங்குகிறவர் கொழும்பில் இருந்தால் அவரும் அப்படியே. மேலே ஏறுகிறவர்கள் வரிசையை விட்டுக் கழன்றுகொண்டே இருக்க, மிஞ்சுகிறவர்கள் ஒருவருக்கொருவர் நெருக்கமாகத்தான் நிற்பார்கள்.

துரை பங்களா தோட்டத்துக்குள்தானே இருக்கிறது என்பீர்கள். விதிப்படி அதுவும் தோட்டத்துறைதான். ஆனால் ஆய்வுக்குப் பொறுக்கி எடுக்கும் சில வீடுகளில், நூற்றுக்கணக்கான காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஒரு பங்களா அகப்படுவது அபூர்வம். அகப்பட்டாலும் அதிக வருமானக்காரர் முழுத் தொகையைச் சொல்லாமல் விடுவது எல்லா நாட்டு ஆய்வுகளிலும் உள்ள குறை. விடுபட்டால் எவ்வளவு வித்தியாசம் வரும்? நம் ஐந்து குடும்பத்தோடு மாதம் நான்கு இலட்சம் வாங்கும் ஆறாவது வீடு ஒன்றைச் சேருங்கள். இப்போது ஐந்து வீடுகளுக்கும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கும் ஆறாவதுக்கு. கினி 0.20இலிருந்து 0.56க்குப் பாய்கிறது. லயத்தில் யாருக்கும் ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதனால் கினியே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே வகை வீடுகளை ஒரே முறையில் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அளந்து பார்த்தால், பங்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அது நன்றாகவே காட்டும். ஒரு கூட்டம் நன்றாக வாழ்கிறதா என்பதற்கு மட்டும் அதைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் திணைக்களத்தின் அதே குடும்ப வருமான, செலவின ஆய்விலேயே வேறு அட்டவணைகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் நகரத்தில் ஏறத்தாழ 88,700 ரூபாய், கிராமத்தில் 58,100, தோட்டத்தில் 34,800. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நாடு முழுவதும் 4.1 வீதம், தோட்டத்தில் 8.8 வீதம். அடுத்த கூட்டத்தில் அவர் கினியை வாசித்து முடித்ததும், இந்த இரண்டு வரியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.