கண்ணுக்குள் ரத்தம், கையில் மாண்டோ ரிப்போர்ட்: டிபி மாத்திரை சாப்பிடலாமா?

"தம்பிக்கு 26 வயது, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. போன வருஷம் இடது கண்ணில் கறுப்பாக நூல் நூலாக ஓடியது, இரண்டு மாதத்தில் தானாகத் தெளிந்தது. இப்போது அதே கண் மறுபடி மறைத்துவிட்டது. ஈல்ஸ் நோய் என்கிறார்கள். டிபிக்காகக் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டோ சோதனை 18 மில்லிமீட்டர், மார்பு எக்ஸ்ரே சுத்தம். ஒரு டாக்டர் 9 மாதம் டிபி மாத்திரை என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?"

மாண்டோவைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். கண் ஏன் மறைத்தது என்பதுதான் முதலில். ஈல்ஸ் நோயில் விழித்திரையின் ஓரத்தில் ஓடும் சிறு சிரைகள் அழற்சியால் வீங்கி அடைபடுகின்றன, ரத்தம் கிடைக்காத அந்தப் பகுதி புதுக் குழாய்களை முளைக்கவைக்கிறது, முளைக்கும் குழாய்க்கோ சுவர் பலமில்லை, சும்மா இருக்கும்போதே கசியும். போன வருஷம் தெளிந்தது கசிந்த ரத்தம் மட்டும்தான், கசியவிட்ட குழாய் அங்கேயே இருந்திருக்கிறது. கண் தெளிந்த அந்த நாட்களில் விழித்திரைக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ எடுத்து, ரத்தம் போகாத இடத்துக்கு லேசர் போட்டிருக்க வேண்டும். "தானா சரியாயிடுச்சே" என்று வீட்டுக்கு அனுப்பிவைப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இப்போது உள்ளே எதுவும் தெரியாததால் பி-ஸ்கேன் என்ற கண் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். விழித்திரை ஒட்டியே இருந்தால் சுமார் 3 மாதம் காத்திருக்கலாம், தெளியத் தெளிய லேசர் போடலாம். தெளியாவிட்டால் விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் தேங்கிய ரத்தத்தை எடுக்கும் ஆபரேஷன். விழித்திரை இழுபட்டிருந்தால் காத்திருக்கவே கூடாது. வலது கண்ணையும் கண்மணியை விரித்து ஓரம் வரை பார்த்தாக வேண்டும், இது பெரும்பாலும் ஒரு கண்ணோடு நிற்பதில்லை.

சரி, டிபிக்கு வருவோம். 1880-இல் பர்மிங்காமில் ஹென்றி ஈல்ஸ் இதை விவரித்தபோது மலச்சிக்கலையும் மூக்கில் ரத்தம் வருவதையும்தான் சேர்த்துச் சொன்னார், டிபியைச் சொல்லவில்லை. அந்தச் சந்தேகம் பிறகு வந்தது. சென்னையில் நடந்த ஆய்வுகளில் இந்த நோயாளிகள் சிலரின் கண்ணுக்குள்ளிருந்து எடுத்த திரவத்திலும் சவ்விலும் டிபி கிருமியின் டிஎன்ஏ பிசிஆர் சோதனையில் கிடைத்தது. உயிருள்ள கிருமி அங்கே பெருகுகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. எப்போதோ உடம்புக்குள் வந்த கிருமியின் புரதத்துக்கு உடம்பு காட்டும் மிகையான எதிர்ப்பாக இருக்கலாம் என்பதுதான் இன்றுவரை உள்ள கணிப்பு. மாண்டோ பாசிட்டிவ் என்றால் கிருமியோடு என்றோ பழக்கம் உண்டு, அவ்வளவே. டிபி சாதாரணமாக உள்ள ஊர்களில் ஆரோக்கியமான எத்தனையோ பேருக்கு அது பாசிட்டிவ். 18 என்ற எண்ணை வைத்து மட்டும் 9 மாத மருந்தைத் தொடங்க மாட்டேன்.

ஆனால் தொடங்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். சிரைகளை ஒட்டி விழித்திரைக்கு அடியில் பழைய தழும்போ புதுப் புள்ளிகளோ இருந்தால், அல்லது எக்ஸ்ரேயில் தெரியாத நெறிக்கட்டிகள் மார்பு சிடியில் தெரிந்தால், அல்லது அழற்சியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் அது திரும்பினால், அது வெறும் ஈல்ஸ் இல்லை, டிபியால் வந்த சிரை அழற்சி என்றே நினைக்க வேண்டும். அப்போது டிபி மருந்து சரிதான், ஸ்டீராய்டையும் சேர்த்துத்தான், ஏனென்றால் டிபி மருந்து தனியாகப் போனால் முதல் சில வாரங்களில் கண் அழற்சி கூடிவிடலாம். மருந்தில் எத்தாம்பூட்டால் இருந்தால் தொடங்கும் முன்பும் மாதாமாதமும் பார்வை, நிறப் பரிசோதனை இரண்டும் வேண்டும், அது பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. ஏற்கெனவே மங்கிய கண்ணில் அந்தப் பாதிப்பு யாருக்கும் தெரியாமல் போய்விடும். டிபியைத் தேடிப் பார்க்காமல் ஸ்டீராய்டை மட்டும் மாதக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து.

அப்புறம் 'டிபி ஐஜிஜி, ஐஜிஎம் பேக்கேஜ்' என்று ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருவான். அந்த ஆன்டிபாடி சோதனைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் சொன்னது, இந்தியா 2012-இல் தடையே போட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால் கமிஷன் எங்கே போகிறது என்று யோசியுங்கள். 'ரத்தம் கரைக்கும் சொட்டு மருந்து' இன்னொரு ஏமாற்று. என்னிடம் வந்த 29 வயதுக்காரர் ஏழு மாதம் அதைப் போட்டுக்கொண்டிருந்தார், வந்தபோது விழித்திரை கூடாரம் மாதிரி இழுபட்டிருந்தது. ஆபரேஷன் செய்தும் கைவிரலை எண்ணும் பார்வைதான் மிஞ்சியது.

நெஞ்சு டாக்டர் 'நுரையீரல் சுத்தம், டிபி இல்லை' என்று ஒரு வரி எழுதுவார், கண் டாக்டர் 'டிபிதான்' என்பார், இருவரும் ஒரு போன் பேசிக்கொள்ள மாட்டார்கள், சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது நோயாளி. அதனால் டிபி மாத்திரை எழுதியவரிடம் ஒன்றே கேளுங்கள்: "மாண்டோ தவிர வேறு எதைப் பார்த்து எழுதினீர்கள்?" பதில் இருந்தால் சாப்பிடட்டும். இதற்கிடையே மின்னல் வெட்டுவது போலவோ ஒரு பக்கம் திரை இறங்குவது போலவோ தம்பி சொன்னால், அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் காட்டுங்கள்.