மெனு அட்டைக்கு ஒரு தனிப் பக்கம்

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் தனியாக கிராபிக் டிசைன் செய்கிறேன். என் இணையத்தளத்தில் 14 வேலைகளின் படங்கள் இருக்கின்றன. பார்ப்பவர்கள் "அழகா இருக்கு" என்பதோடு சரி, வேலை வருவதில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று மொழியில் செய்த மெனுதான் நான் செய்ததில் சிறந்தது. அதை எப்படி விளக்கி எழுதுவது? விற்பனைக் கணக்கு என்னிடம் இல்லை.
— க.

அன்புள்ள க.,

அந்த மெனுவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கடைக்காரருக்கு என்ன சிக்கல், அதில் உங்கள் பங்கு எது என்பது முதல் இரண்டு வரியிலேயே தெரிய வேண்டும். "பழைய மெனுவைப் படிக்க முடியாமல் வாடிக்கையாளர்கள் பரிமாறுபவரிடம் கேட்டே ஆர்டர் செய்தார்கள். பக்க அமைப்பும் எழுத்துரு தேர்வும் நான் செய்தது. உணவுப் படங்கள் வேறொருவர் எடுத்தவை." இந்த அளவு போதும்.

அடுத்து, கைவிட்ட வரைவு ஒன்றைக் கட்டாயம் காட்டுங்கள். மூன்று மொழியையும் ஒரே அளவு எழுத்தில் ஒரே வரியில் அருகருகே வைத்துப் பார்த்திருப்பீர்கள். தமிழ்ப் பெயர் நீளம் கூடி இரண்டாம் வரிக்கு மடியும், விலை எந்த உணவுக்கு என்று புரியாமல் போகும். வரியிடைவெளி குறைவாக இருந்தால் மேல்வரியின் 'கு', 'மூ' கீழ்வரியின் 'கி', 'மீ' மேல் வளைவுகளோடு முட்டும். அந்தப் படத்தைப் போட்டு, எதற்காக மாற்றினீர்கள் என்று அடியில் எழுதினால், உங்களுக்கு வேலை தரப்போகிறவர் நீங்கள் யோசிக்கும் விதத்தைப் பார்த்துவிடுவார்.

```html
<figure>
  <img src="menu-varaivu1.jpg" alt="மூன்று மொழியும் ஒரே வரியில்">
  <figcaption>தமிழ்ப் பெயர்கள் மடிந்ததால் கைவிட்டோம்.</figcaption>
</figure>
```

விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடாதீர்கள். கைப்பேசித் திரையில் அது பொடியாகிப் படிக்க முடியாது.

விளைவுக்கு வருவோம். கணக்கு உங்களிடம் இல்லாவிட்டாலும் கடையின் பில்களில் இருக்கும். புது மெனுவில் நீங்கள் எடுப்பாக வைத்த ஓர் உணவைத் தேர்ந்துகொண்டு, மாற்றுவதற்கு முந்தைய நான்கு வாரம், பிந்தைய நான்கு வாரம் என்று 100 பில்லுக்கு எத்தனையில் அது இருக்கிறது என எண்ணித் தரச் சொல்லுங்கள். மொத்த விற்பனை வெளியே தெரியாது என்பதால் கடைக்காரரும் தயங்கமாட்டார். ஆனால் இரண்டில் ஒன்றில் தீபாவளியோ பள்ளி விடுமுறையோ வந்தாலும், இடையில் விலை மாறியிருந்தாலும் அந்த ஒப்பீடு நிற்காது. அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 4 என்பது 6 ஆனால் "4-லிருந்து 6" என்றே போடுங்கள். "50 சதவீத உயர்வு" என்றால் அனுபவமுள்ளவர் உடனே சந்தேகப்படுவார். பில்லும் கிடைக்காதென்றால், பரிமாறுபவரிடம் இப்போது எந்தக் கேள்வி குறைந்திருக்கிறது என்று கேட்டு, அது அவர் சொன்னது என்றே குறிப்பிடுங்கள். பக்கம் வெளியாகும் முன் கடைக்காரரின் சம்மதம் வேண்டும்.

மீதி 13-இல் இப்படிக் காரணம் சொல்லி எழுத முடிகிற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

தளத்தை GitHub Pages-இல் இலவசமாக வைக்கலாம். படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றுங்கள். உங்கள் விண்டோஸ் கணினியில் தெரிந்த படம் அங்கே தெரியாமல் போனால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். `Menu.JPG`, `menu.jpg` இரண்டும் அங்கே வெவ்வேறு கோப்புகள். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.